முன்நீரிழிவு எல்லையை ஒட்டிய எச்பிஏ1சி முடிவு

முன்நீரிழிவு எல்லையை ஒட்டிய எச்பிஏ1சி முடிவு என்பது, "மூன்று மாதச் சர்க்கரை" என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் இரத்தப் பரிசோதனையில் 5.7 முதல் 5.9 விழுக்காடு வரை வரும் அளவைக் குறிக்கும். 5.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2010 முதல் பின்பற்றும் வரையறை. இந்தியாவில் பெரும்பாலான ஆய்வகங்கள் இதையே தாளில் அச்சிட்டுத் தருகின்றன. கோட்டை மயிரிழையில் தாண்டிய முடிவு ஒரு நோயின் பெயரைவிட, மேலும் சில கேள்விகளையே எழுப்புகிறது. இரத்தச் சோகை பரவலாக உள்ள ஊர்களில் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டால் முடிவைத் தவறாகப் படிக்க நேரும்.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் அத்தகைய பகுதிகள். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிக் கரிசல் நிலமும் கண்மாய்ப் பாசனமும் இங்கே கலந்திருக்கின்றன. அருப்புக்கோட்டை நகரில் நெசவு பழைய தொழில். சுற்றியுள்ள சிற்றூர்களில் பருத்தி, பயறு, கம்பு, குதிரைவாலி விளைகின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை உள்ளது. இப்பகுதியில் ஒரு மருத்துவர் எச்பிஏ1சி முடிவை விளக்கிக் கடிதம் எழுதினால், அது இரும்புச்சத்தையும் பேசியாக வேண்டும்.

## ஒரு மாதிரிக் கடிதம்

கீழே உள்ள கடிதம் விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட மாதிரி. பெறுபவர் திருச்சுழி அருகே ஒரு சிற்றூரைச் சேர்ந்த 42 வயதுப் பெண் என்று கொள்ளப்படுகிறது. உயரம் 152 செ.மீ., எடை 60 கிலோ. தாய்க்கு நீரிழிவு உண்டு. முகாம் ஒன்றில் எடுத்த இரத்தத்தின் முடிவு வந்திருக்கிறது.

> அன்புள்ள அம்மா,
>
> உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 5.8 இருக்கிறது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு என்போம். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்போம். நீங்கள் இரண்டுக்கும் நடுவில், கீழ்க்கோட்டை ஒட்டி இருக்கிறீர்கள். இது சர்க்கரை நோய் இல்லை. சர்க்கரைக்காக இப்போது மாத்திரை வேண்டியதில்லை.
>
> அதே இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4 தான் இருக்கிறது. உங்களுக்கு 12 இருக்க வேண்டும். சிவப்பணுக்களும் சிறுத்திருப்பதால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை, உண்மையில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். அதனால் 5.8-ஐ மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை.
>
> அடுத்த வாரம் ஒருநாள் காலை வெறும் வயிற்றில் வாருங்கள். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று நாளும் சோற்றைக் குறைக்காமல் எப்போதும்போலச் சாப்பிடுங்கள். குறைத்துவிட்டு வந்தால் பரிசோதனை சரியாக வராது.
>
> மாதவிலக்கில் போக்கு அதிகமா, எத்தனை நாள் இருக்கிறது என்பதை வரும்போது சொல்லுங்கள். இடையில் தாகம் கூடி, அடிக்கடி சிறுநீர் போய், எடையும் இறங்கினால் அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

கடிதத்தில் "முன்நீரிழிவு" என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன் மருத்துவர் இன்னொரு சான்று கேட்கிறார்.

## 5.8 எதை அளக்கிறது

இரத்தச் சிவப்பணுவுக்குள் உயிர்வளியைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், நொதி எதுவும் இல்லாமலே மெல்ல மெல்ல இந்தப் புரதத்தின் ஒரு முனையில் ஒட்டிக்கொள்கிறது. ஒருமுறை உறுதியாக ஒட்டிவிட்டால் அந்தச் சிவப்பணு அழியும்வரை பிரிவதில்லை. நூறு ஹீமோகுளோபின் மூலக்கூறுகளில் எத்தனை இப்படிச் சர்க்கரை ஏறியவை என்பதே எச்பிஏ1சி விழுக்காடு. நீரிழிவு உள்ளவர்களிடம் இவ்வகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரபார் 1960-களின் இறுதியில் கண்டறிந்தார்.

சிவப்பணு சராசரியாக 120 நாள் வாழ்கிறது. ஆகவே இந்த அளவு சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் தடம். ஆனால் அந்த மூன்று மாதங்களும் சம பங்கு பெறுவதில்லை. முடிவில் ஏறக்குறைய பாதி, கடைசி ஒரு மாதத்தைக் காட்டுவது. பரிசோதனைக்கு முதல் நாள் இனிப்பைத் தவிர்ப்பதால் இது மாறாது. வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

விழுக்காட்டைப் பழகிய அலகுக்கு மாற்ற ஒரு கணக்கு உண்டு. எச்பிஏ1சி-யை 28.7 ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரி இரத்தச் சர்க்கரை மில்லிகிராமில் கிடைக்கும். 5.8-க்கு இது சுமார் 120. இரவும் பகலும், சாப்பிடும் முன்னும் பின்னும் சேர்ந்த சராசரி இது என்பதால் வெறும் வயிற்று அளவோடு ஒப்பிடக் கூடாது.

## கோடு எங்கே இருக்கிறது

5.7 என்ற கோட்டை இயற்கை கிழித்து வைக்கவில்லை. அளவு கூடக்கூட, பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு படிப்படியாகத்தான் கூடுகிறது, 5.6-க்கும் 5.7-க்கும் இடையில் உடலில் எதுவும் திடீரென மாறுவதில்லை. 2009-இல் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு 6.0-இலிருந்தே அதிக இடர் என்றது. பிரிட்டனில் இன்றும் 6.0 தான் தொடக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் 6.5-ஐ நீரிழிவுக்கான அளவாக ஏற்றது. ஆனால் அதற்குக் கீழே இடைநிலை ஒன்றை எச்பிஏ1சி-யைக் கொண்டு வரையறுக்கப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது. திருச்சுழியில் 5.8 வாங்கிய பெண் முன்நீரிழிவு உள்ளவர். அதே தாளோடு லண்டனுக்குப் போனால் அவர் இயல்பானவர்.

அளவீட்டின் தடுமாற்றமும் இதோடு சேர்கிறது. நல்ல ஆய்வகத்திலும் ஒரே ஆளின் இரத்தம் இருமுறை அளக்கப்பட்டால் 0.2 வரை வேறுபடலாம். 5.8 என்று வந்தது உண்மையில் 5.6 ஆகவும் இருக்கலாம், 6.0 ஆகவும் இருக்கலாம். 7.5 என்று வந்தவருக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. கோட்டை ஒட்டி நிற்பவருக்கு இதுவே எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

## இரத்தச் சோகை செய்யும் குழப்பம்

இரும்புச்சத்துக் குறையும்போது எலும்பு மச்சையில் புதிய சிவப்பணுக்கள் உருவாவது தளர்கிறது. இரத்தத்தில் இருக்கும் சிவப்பணுக்களின் சராசரி வயது கூடுகிறது. வயது கூடிய சிவப்பணு நீண்ட நாள் சர்க்கரையில் ஊறியது. ஆகவே அதில் ஒட்டியிருக்கும் குளுக்கோசும் அதிகம். இரத்தச் சர்க்கரை சிறிதும் ஏறாமலே எச்பிஏ1சி ஏறுவதற்கு இது முதன்மையான விளக்கம். 2004-இல் துருக்கி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவே இல்லாத இரும்புச்சத்துக் குறைவினரின் சராசரி எச்பிஏ1சி 7.4 ஆக இருந்து, இரும்பு சிகிச்சைக்குப் பின் 6.2 ஆக இறங்கியது. எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு பெரிய இறக்கம் காணப்படவில்லை. ஆயினும் 0.2-உம் 0.3-உம் பெயரை மாற்றிவிடும் இடத்தில், சிறிய ஏற்றமும் கணக்கில் வர வேண்டியதே.

எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். சிவப்பணுக்கள் காலத்துக்கு முன்பே அழியும் நோய்களிலும், அண்மையில் பெரும் இரத்த இழப்பு ஏற்பட்டவர்களிடமும் இரத்தத்தில் இளம் அணுக்களே மிகுதி. அவற்றில் சர்க்கரை ஒட்ட நேரமில்லை. உண்மையில் சர்க்கரை கூடியிருந்தும் தாளில் 5.4 என்று நல்ல பெயர் கிடைத்துவிடும். இரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும், கருவுற்றிருப்பவருக்கும், முற்றிய சிறுநீரக நோய் உள்ளவருக்கும் இந்தப் பரிசோதனையை நம்பி நோயை முடிவு செய்வதில்லை.

மாதிரிக் கடிதத்தில் மருத்துவர் "சிவப்பணுக்கள் சிறுத்திருப்பதால்" என்றார். இரத்த எண்ணிக்கைத் தாளில் எம்சிவி என்ற வரியில் 80-க்குக் கீழே இருந்தால் சிவப்பணு சிறுத்திருக்கிறது என்று பொருள். இது இரும்புச்சத்துக் குறைவிலும் வரும், தலசீமியா கூறு உள்ளவர்களிடமும் வரும். ஃபெரிட்டின் பரிசோதனையில் உடலின் இரும்புச் சேமிப்புத் தெரியும் என்பதால், அதைப் பார்த்த பிறகு மாத்திரை தருவது நல்லது. எச்பிஏ1சி கேட்கும் சீட்டிலேயே முழு இரத்த எண்ணிக்கையையும் கேட்டுவிட்டால் இவ்வளவும் ஒரே குத்தலில் முடியும். ஊருக்கு ஊர் நடக்கும் முகாம்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த ஒரு வரிதான்.

## குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனை

குளுக்கோசை நேரடியாக அளக்கும் பரிசோதனையைச் சிவப்பணுவின் வயது பாதிப்பதில்லை. அதனால்தான் மருத்துவர் இதற்கு அழைக்கிறார். குறைந்தது எட்டு மணி நேரம் உண்ணாமல் இருந்த பின் முதல் இரத்தம் எடுக்கப்படுகிறது. பிறகு 75 கிராம் குளுக்கோசைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது இரத்தம். இடையில் நடக்கவோ, தேநீர் குடிக்கவோ, புகைக்கவோ கூடாது. குமட்டல் வந்து வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய பரிசோதனை செல்லாது.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையிலும், இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 வரையிலும் இருந்தால் முன்நீரிழிவு. 126-உம் 200-உம் நீரிழிவுக்கான அளவுகள். மூன்று நாள் சோற்றைக் குறைக்க வேண்டாம் என்று கடிதம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில நாள் மாவுச்சத்தைக் குறைத்த உடல், திடீரென வரும் 75 கிராமைக் கையாளத் திணறும். இல்லாத நோய் இருப்பதுபோலத் தெரியும். பயந்துபோய்ப் பட்டினி கிடந்து பரிசோதனைக்கு வருபவர்கள் உண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரை இதற்கு மாற்றாகாது. ஏறிய சர்க்கரையைக் கண்டுபிடிக்க அது நல்ல வழி. ஆனால் கோட்டை ஒட்டிய ஒருவருக்கு அதில் 118 வந்தால், அது எந்தப் பக்கமும் சான்றாகாது.

## எடுத்துக்காட்டில் வந்த முடிவு

மாதிரிப் பெண்ணுக்கு வெறும் வயிற்றில் 98, இரண்டு மணி நேரத்தில் 156 என்று வைத்துக்கொள்ளலாம். ஃபெரிட்டினும் மிகக் குறைவு. இரும்புச்சத்துக் குறைவு உண்மை. அதோடு உண்ட சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருப்பதும் உண்மை. 5.8-இல் எவ்வளவு சோகையால் வந்தது, எவ்வளவு சர்க்கரையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல இனி அவசியமில்லை. 156 தனியே நின்று பேசுகிறது. இரண்டாவது அளவு 120 என்று வந்திருந்தால், சோகையைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்கலாம் என்பதோடு கடிதப் போக்குவரத்து முடிந்திருக்கும்.

இந்த வகையினருக்கு என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உள்ளது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. குளுக்கோஸ் பரிசோதனையில் இரண்டு மணி நேர அளவு கூடியிருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். மூன்று ஆண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவும் உடலுழைப்பும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் 250 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5, சேர்த்ததால் கூடுதல் பயன் தெரியவில்லை. முதலில் மாத்திரை வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதற்கு இது போதிய காரணம். இதில் ஒரு வரம்பும் இருக்கிறது: அந்த 531 பேரும் குளுக்கோஸ் குடித்துத் தேர்வானவர்கள். எச்பிஏ1சி மட்டும் 5.8 வந்த ஒருவருக்கு அதே 55 விழுக்காடு இடர் என்று யாராவது சொன்னால் அது தவறான பொருத்தம்.

அந்த ஆய்வில் நாளுக்கு அரை மணி நேரம் வேக நடை பரிந்துரைக்கப்பட்டது. ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்கள் அதைத் தொடர்ந்தால் போதும் என்று விடப்பட்டார்கள். மானாவாரி நாட்டில் இந்த விதியை மாதத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பும் களையெடுப்பும் நடக்கும்போது யாருக்கும் தனி நடை தேவையில்லை. சித்திரை, வைகாசியில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது அதே பெண் பகல் முழுவதும் வீட்டில் இருப்பார். "காட்டு வேலை செய்கிறேன்" என்ற பதிலோடு நிற்காமல், எந்த மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்டால்தான் மருத்துவருக்கு உண்மை கிடைக்கும். கோடையில் நடையை விடிகாலைக்கு மாற்றுவதே நடக்கக்கூடியது.

உணவில் மூன்று வேளைச் சோறே பெரிய பங்கு. குதிரைவாலி, கம்புக்கு மாறினால் போதும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக உள்ளது. இரண்டும் இந்த மண்ணின் தானியங்கள். நார்ச்சத்து, தீட்டிய அரிசியைவிடக் கூடுதல். ஆனாலும் அவை மாவுச்சத்துதான். நைசாக அரைத்துத் தோசையாக ஊற்றினால் சர்க்கரை விரைவாகவே ஏறும், நாலு தோசை தின்றால் நாலு தோசைக்கும் ஏறும். தட்டில் சோறோ சிறுதானியமோ கால் பங்காகக் குறைந்து, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, கீரை, காய் ஆகியவை அந்த இடத்தைப் பிடித்தால்தான் மாற்றம் தெரியும். கருப்பட்டிக் காப்பியும் சர்க்கரைக் கணக்கில் சேர்ந்ததே. பனையிலிருந்து வந்தது என்பதால் குடல் அதை வேறாக நடத்துவதில்லை.

இரும்பு மாத்திரையைக் காப்பி, தேநீருக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி எடுக்க வேண்டும். சேர்த்துக் குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம் என்பதால் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

## இறங்கிய எண்ணைப் படிப்பது

நான்கு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 12.1 ஆகிறது, எச்பிஏ1சி 5.5. தாளில் "இயல்பு" என்று அச்சாகியிருக்கும். முதல் முடிவில் இருந்த அதே கண்ணி இப்போது மறுபக்கம் காத்திருக்கிறது. இரும்பு கிடைத்ததும் மச்சை புதிய சிவப்பணுக்களை வேகமாக உற்பத்தி செய்திருக்கிறது. இரத்தம் முழுக்க இளம் அணுக்கள். சர்க்கரை குறையாமலே எச்பிஏ1சி குறைந்துவிடும். கம்பங்கூழும் நடையும் நோயை விரட்டிவிட்டன என்று அந்தப் பெண் நம்ப எல்லாக் காரணமும் உண்டு. மருத்துவர் அப்படி நம்பக் கூடாது.

ஆகவே இரண்டாம் முறையும் குளுக்கோஸ் கரைசல் குடிக்கும் பரிசோதனையே செய்யப்படுகிறது. அதில் வெறும் வயிற்றில் 96, இரண்டு மணி நேரத்தில் 147 வந்தால், கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் 140-ஐத் தாண்டியே நிற்கிறது என்று பொருள். இரண்டாவது கடிதம் இப்படி இருக்கலாம்:

> அம்மா, இரத்தம் நன்றாக ஊறியிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை 5.5 வந்ததை மட்டும் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பாதி, இரும்பு மாத்திரையின் வேலையாக இருக்கலாம். குளுக்கோஸ் குடித்த பிறகு வந்த 147 தான் நமக்குக் கணக்கு. மாத்திரையை இன்னும் மூன்று மாதம் எடுங்கள். சாப்பாடும் நடையும் இப்படியே இருக்கட்டும். அடுத்த தை மாதம் வெறும் வயிற்றில் வாருங்கள், மறுபடி பார்ப்போம்.

ஹீமோகுளோபின் இயல்பான நிலையில் மூன்று, நான்கு மாதம் நின்ற பிறகு சிவப்பணுக்களின் வயது சமநிலைக்கு வந்துவிடும். அதன் பின்னர் இந்தப் பெண்ணுக்கும் எச்பிஏ1சி மற்றவர்களுக்குப் போலவே பயன்படும். ஆண்டுக்கு ஒருமுறை அதையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின் எண்ணை.